பாம்பன் துறையில் ஒரு போன் உரையாடல்: பேச்சுத் தமிழும் ஆங்கிலமும் உறுத்தாமல் கலக்கும் வசனத்தை எழுதும் முறை

நகரத்து இளைஞர்களுக்காக எடுக்கப்படும் இணையத் தொடர்களிலும் குறும்படங்களிலும் வசனம் செயற்கையாகக் கேட்கும்போது, ஆங்கிலம் அதிகமாகிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ பெரும்பாலும் காரணம் சொல்லப்படுகிறது. அளவு அநேகமாகக் காரணமே இல்லை. ஒரு வாக்கியத்தில் ஐந்து ஆங்கிலச் சொற்கள் இருந்தும் அது இயல்பாக ஒலிக்கலாம். ஒரே ஒரு சொல் இருந்தும் காதில் உறுத்தலாம். ஆங்கிலச் சொல் தமிழ் வாக்கியத்தில் எந்த இடத்தில், எந்த விகுதியோடு பொருத்தப்படுகிறது என்பதும், பேசுபவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே ஒரு காட்சியை வைத்து, முதல் வரைவிலிருந்து படப்பிடிப்புப் பிரதி வரை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

காட்சி இதுதான். பாம்பனில் பிறந்து சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் தோழியுடன் சேர்ந்து, ஊரிலிருந்து நண்டு வாங்கிச் சென்னையில் வீடுகளுக்கு விற்கும் சிறு தொழிலைத் தொடங்கியிருக்கிறாள். அவள் இப்போது பாம்பன் துறையில் அண்ணனோடு நிற்கிறாள். தோழி சென்னையிலிருந்து போனில் பேசுகிறாள். மறுநாள் நண்டு போய்ச் சேர வேண்டும். ஆனால் காற்றின் வேகம் கூடிவிட்டதால் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கவில்லை. டோக்கன் இல்லாமல் படகு கடலுக்குப் போக முடியாது. மூன்று பேர், இரண்டு ஊர்கள், ஒரே சிக்கல் என்பதால் மொழிக்கலப்பைப் பழக இது நல்ல களம்.

அவசரத்தில் எழுதப்படும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

தோழி: ஹாய், ஆர்டர்ஸ் ஹேவ் கம். நீ நண்டை எப்போது சென்ட் செய்வாய்?
தங்கை: வெயிட், ஐ வில் ஆஸ்க். பிரதர், டுடே நண்டு வருமா?
அண்ணன்: நோ சிஸ்டர், வெதர் பேட். கவர்ன்மென்ட் டோக்கனை ஸ்டாப் செய்துவிட்டது. நான் வெரி சேட்.

இதைப் படிப்பவர் யாரும் இந்த மூவரில் ஒருவரையும் நம்ப மாட்டார்கள். எந்த இடத்தில் என்ன பிழை என்பதைப் பின்னால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூவரும் ஒரே ஆங்கிலத்தைப் பேசுகிறார்கள். கடலுக்குப் போகும் அண்ணனுக்கும், சென்னையில் திரையைப் பார்த்து வேலை செய்யும் தோழிக்கும் ஒரே சொற்களஞ்சியம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

முதல் படி: ஒவ்வொருவருக்கும் ஆங்கிலம் எந்த வழியாக வந்தது என்று எழுதிக்கொள்ளுதல்

பாத்திரத்துக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்ற கேள்வி வசனம் எழுத உதவாது. அது எந்த வழியாக அவரிடம் வந்தது என்ற கேள்விதான் உதவும். இராமநாதபுரம் கடற்கரையில் கல்லூரி வாசலை மிதிக்காத மீனவரின் பேச்சிலும் ஆங்கிலச் சொற்கள் நிறைய உண்டு. போட்டு, எஞ்சின், டீசல், ஐஸ், டோக்கன், ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவை அவர் அன்றாடம் புழங்கும் சொற்கள். இவற்றை அவர் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுவதில்லை. வேலையோடு சேர்ந்து வந்த சொற்கள் ஆதலால் அவர் வாயில் அவை முழுமையாகத் தமிழ் ஒலியோடு, பெரும்பாலும் உகரத்தில் முடிந்து வரும். 'எஞ்சினு மக்கர் பண்ணுது', 'ஐஸு பத்தல' என்பார். இந்தச் சொற்களைத் தூய தமிழாக்கி, 'இயந்திரம் பழுதாகிவிட்டது' என்று அவர் வாயில் வைத்தால், ஆங்கிலத்தை அளவுமீறித் திணித்ததைவிட அது மோசமாக உறுத்தும். விசைப்படகு என்ற சொல் செய்தித்தாளுக்கும் மனுவுக்கும் உரியது. துறையில் நின்று பேசும்போது அது போட்டுதான்.

தோழியின் ஆங்கிலம் வேறு வழியில் வந்தது. ஆர்டர், டெலிவரி, கஸ்டமர், ரீஃபண்ட், அட்வான்ஸ் ஆகியவை தொழிலிலிருந்து வந்தவை. பள்ளியிலிருந்தும் நண்பர் வட்டத்திலிருந்தும் ஸோ, ஆக்சுவலி, சீரியஸா போன்ற தொடக்கச் சொற்கள் வந்திருக்கும். அவள் வாயில் 'ஃபிரண்ட்' என்பதில் ஃப ஒலி தெளிவாகக் கேட்கும். அண்ணன் வாயில் அதுவே 'பிரண்டு' ஆகும். வசனத் தாளிலும் இந்த வேறுபாட்டை அப்படியே எழுதிவிடுங்கள். நடிகருக்கு அது ஒலிக்குறிப்பாகவும் பயன்படும்.

தங்கைக்கு இரண்டு பட்டியல்களும் உண்டு. டோக்கன் என்றால் என்னவென்று அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ரீஃபண்ட் என்றாலும் தெரியும். காட்சியின் எடை முழுவதும் அவள் மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொருவருக்கும் பதினைந்து இருபது சொற்கள் கொண்ட பட்டியல் போதும். அதோடு, அவர்கள் ஒருபோதும் ஆங்கிலத்தில் சொல்லாத சொற்களின் பட்டியலையும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் அதிகம் காப்பாற்றும். இந்தத் தங்கை சென்னையில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் நண்டை வேறு பெயரால் அழைக்க மாட்டாள். காற்று, கரை, வலை, அம்மா, அண்ணன் ஆகியவையும் மாறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலம் கரையோரத்துக்காரர்களுக்குத் தடைக்காலம்தான். 'பேன் பீரியட்' என்று அவள் சொன்னால், அவள் அந்த ஊர்ப் பெண் இல்லை என்று பார்வையாளர் அந்தக் கணமே முடிவுசெய்துவிடுவார். இன்னொன்று: நகரத்துப் பெண் கடலைப் பார்க்க 'பீச்சுக்கு' போவாள். பாம்பனில் 'கடலுக்குப் போயிருக்காக' என்றால் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் காட்சியின் பொருளே குழம்பும்.

உறவுச் சொற்களில் கூடுதல் கவனம் தேவை. கடற்கரை முழுவதற்கும் ஒரே வழக்கு கிடையாது. கீழக்கரை முஸ்லிம் குடும்பம் ஒன்றை எழுதுவதாக இருந்தால் உம்மா, வாப்பா, காக்கா என்ற அழைப்புகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே மூத்தவரை 'ப்ரோ' என்று அழைக்கும் வசனம் எந்த வயதுப் பார்வையாளருக்கும் ஒட்டாது. நம் முதல் வரைவில் அண்ணன் தங்கையை 'சிஸ்டர்' என்கிறார். பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் அந்தச் சொல் கேட்டதும் கன்னியாஸ்திரீயோ செவிலியரோதான் நினைவுக்கு வருவார். சொந்தத் தங்கை பாப்பா ஆவாள்; தங்கைக்கு அவர் அண்ணே ஆவார். சென்னைத் தோழி அவரை 'அண்ணா' என்பாள். அண்ணே, அண்ணா என்ற இந்த ஒரு எழுத்து மாற்றமே இரண்டு ஊர்களையும் காட்டிவிடும்.

இரண்டாம் படி: காட்சி முழுவதையும் முதலில் பேச்சுத் தமிழில் எழுதுதல்

ஆங்கிலத்தில் யோசித்து எழுதி, பிறகு இடையிடையே தமிழைச் சேர்ப்பவர்களின் வசனத்தில், சொற்கள் தமிழாக இருந்தாலும் வாக்கியத்தின் எலும்புக்கூடு ஆங்கிலமாகவே நின்றுவிடுகிறது. 'நான் ரியலி மிஸ் பண்றேன் த சீ' என்பது அப்படிப் பிறந்த வாக்கியம். தமிழில் செயப்படுபொருள் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். அந்த வரிசையைக் காத்துவிட்டால் அதே உணர்வு 'கடலை ரொம்ப மிஸ் பண்றேன்' என்று எளிதாக வந்துவிடும். இதிலும் ஆங்கிலம் இருக்கிறது, ஆனால் யாருக்கும் உறுத்தாது. ஆகவே வேறு எதையும் யோசிக்காமல், அந்தந்த ஊரின் பேச்சுத் தமிழில் காட்சியை முழுதாக எழுதிவிடுங்கள்:

தோழி: நாளைக்குக் குடுக்கணும்னு சொல்லிருக்கோம். நண்டு எப்ப வரும்?
தங்கை: இரு, கேக்குறேன். அண்ணே, இன்னைக்கு நண்டு வருமா?
அண்ணன்: எங்கிட்டு வர? காத்து கூடிருச்சு. டோக்கனை நிப்பாட்டிட்டாக.

டோக்கன் என்ற ஒரு சொல் தானாகவே உள்ளே வந்திருப்பதைப் பாருங்கள். அதற்கு மாற்றாகப் புழக்கத்தில் வேறு சொல் இல்லை. இப்படி வேறு வழியில்லாமல் வரும் சொற்கள் உறுதியானவை. அவற்றைத் தொட வேண்டாம்.

இந்தப் படியில் எழுத்துத் தமிழின் வினைமுற்று ஒன்றுகூட வசனத்தில் தங்கிவிடக் கூடாது. 'செய்வாய்', 'செய்துவிட்டது', 'செல்லலாமா' ஆகியவற்றை ஒருவர் மேடையில் பேசலாம்; போனில் தோழியிடம் பேச முடியாது. எழுத்து வழக்கு வினையோடு ஆங்கிலச் சொல் சேரும்போது உறுத்தல் இரட்டிப்பாகிறது. 'சென்ட் செய்வாய்' என்பதில் சென்ட் தவறு என்று பலர் நினைத்து அதை மட்டும் மாற்றுவார்கள். 'செய்வாய்' என்பதுதான் முதலில் போக வேண்டும். தாளில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். மூலப் பிழைகளில் பாதி அங்கேயே அகப்பட்டுவிடும்.

மூன்றாம் படி: மூட்டுகளைச் சரியாகப் பொருத்துதல்

இனி ஆங்கிலத்தை உள்ளே விடலாம். ஒவ்வொரு வரியிலும், இந்தப் பாத்திரம் இந்தக் கருத்தைத் தன் முதல் பட்டியலில் உள்ள சொல்லால்தான் சொல்வாரா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் மாற்றுங்கள். 'நாளைக்குக் குடுக்கணும்னு சொல்லிருக்கோம்' என்பதைத் தோழி 'நாளைக்கு டெலிவரி இருக்கு' என்றுதான் சொல்வாள். அது அவள் தொழில் சொல். ஆனால் 'நாளைக்கு' என்பதை 'டுமாரோ' ஆக்கத் தேவையில்லை. நகரத்து இளைஞர்கள் 'மார்னிங் வரேன்', 'ஈவினிங் பாக்கலாம்' என்று சாதாரணமாகப் பேசுகிறார்கள். ஆனால் 'டுடே', 'டுமாரோ' என்பவை தமிழ் வாக்கியத்துக்குள் அவ்வளவு எளிதாக உட்காருவதில்லை. இதற்கு விதி எதுவும் சொல்ல முடியாது; காதுதான் சொல்லும்.

பொருத்தும் முறைக்கோ தெளிவான இலக்கணம் உண்டு. பேசுகிற எவரும் அதை மீறுவதில்லை, எழுதுகிறவர்தான் மீறுகிறார். ஆங்கில வினை தமிழுக்குள் அதன் அடிவடிவில் வந்து, பண்ணு அல்லது ஆகு என்ற துணையோடு நிற்கும். காலம், தன்மை முன்னிலை படர்க்கை என்ற இடம், எதிர்மறை எல்லாம் அந்தத் துணைவினையில்தான் ஏறும். 'மிஸ் பண்ணேன்' என்போம், 'மிஸ்ட் பண்ணேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'கால் பண்ணல' என்போம். 'டோன்ட் கால் பண்ணு' என்பது கிடையாது. விதிவிலக்குபோலத் தோன்றும் 'டயர்டா இருக்கு' போன்றவற்றில் வருவது வினை அன்று, பண்புச் சொல். அது 'ஆ' விகுதி வாங்கிக்கொண்டு 'இரு' என்ற வினையின் முன் நிற்கிறது. 'நான் வெரி சேட்' என்று அண்ணன் சொன்னது பொருந்தாமல் போனதற்கு ஒரு காரணம் அவர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார் என்பது. இன்னொரு காரணம், விகுதியும் வினையும் இல்லாமல் அந்தச் சொல் அந்தரத்தில் நிற்பது.

பண்ணு, ஆகு ஆகிய இரண்டில் எதைத் தேர்வது என்பது வெறும் இலக்கணம் இல்லை. கதைக்கு மிகவும் பயன்படும் கருவி. 'ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன்' என்றால் பொறுப்பு பேசுபவருடையது. 'ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு' என்றால் அது தானாக நடந்ததுபோல ஆகிவிடுகிறது, பழி யார் மேலும் விழுவதில்லை. கோபமாக இருக்கும் தோழி ஒன்றையும், சமாதானம் சொல்லும் தங்கை மற்றொன்றையும் சொல்லட்டும். ஒரு துணைவினையால் இரண்டு பேரின் நிலைப்பாடும் தெரிந்துவிடும்.

அதே துணைவினையில் ஊரும் தெரியும். சென்னையில் 'ஆயிடுச்சு, வந்துடுச்சு'. மதுரை, இராமநாதபுரம் பக்கம் 'ஆயிருச்சு, வந்துருச்சு'. முன்னால் நிற்கும் சொல் ஆங்கிலமாக இருந்தாலும் விகுதி ஊரைச் சொல்லிவிடுகிறது. மதிப்புப் பன்மையும் அப்படித்தான்: 'நிப்பாட்டிட்டாங்க' எங்கும் கேட்கும், 'நிப்பாட்டிட்டாக' தென்புறத்துக்காரரின் வாயில்தான் கேட்கும். வட்டார மணம் வேண்டும் என்பதற்காக அரிய சொற்களை அள்ளிப் போடுபவர்கள் இந்தச் சிறு விகுதிகளை விட்டுவிடுகிறார்கள். நகரத்துப் பார்வையாளருக்கு அரிய சொல் புரியாமல் போகலாம். 'ஆயிருச்சு' புரியாமல் போகாது, அதேநேரம் அந்த ஊர்க்காரருக்கும் அது தன் பேச்சாகவே கேட்கும். என் கருத்தில், வட்டார வழக்கையும் ஆங்கிலத்தையும் ஒரே வாக்கியத்தில் ஒன்றையொன்று மிதிக்காமல் வைப்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

பெயர்ச்சொற்களில் சிக்கல் குறைவு. வேற்றுமை உருபு நேராக ஒட்டிக்கொள்ளும்: போட்டுல, ஆஃபீஸுக்கு, கஸ்டமர்கிட்ட. எண்ணுப்பெயர் முன்னால் வந்தால் பன்மை விகுதி தேவைப்படாது; 'பத்து ஆர்டர்' என்பதே வழக்கு. எண் இல்லாதபோது நகரத்துப் பேச்சில் 'கஸ்டமர்ஸ்', 'ஃபிரண்ட்ஸ்' என ஆங்கிலப் பன்மை அப்படியே வந்து, அதன் மேல் தமிழ் உருபு ஏறும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் 'த', 'அ' போன்ற சுட்டுகளும், 'இன்', 'டு' போன்ற முன்னிடைச் சொற்களும் தமிழ் வாக்கியத்துக்குள் தனியாக நுழைவதில்லை. 'இன் த மார்னிங் வரேன்' என்று தாளில் கண்டால் முதலிரு சொற்களையும் அடித்துவிடுங்கள், வாக்கியம் உடனே சீராகும்.

நான்காம் படி: யாரிடம் பேசுகிறார் என்பதற்கேற்பத் திருப்புதல்

இரு வழக்கும் தெரிந்தவர் எப்போது எதைப் பேசுவார் என்பதைப் பெரும்பாலும் எதிரில் இருப்பவரே தீர்மானிக்கிறார். தங்கை போனில் பேசும்போது ஒருவிதமாகவும், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அண்ணனிடம் திரும்பும்போது வேறுவிதமாகவும் பேச வேண்டும். அந்தத் திருப்பம் சொற்களில் மட்டுமல்லாமல் விகுதிகளிலும் நிகழ வேண்டும். அவளே அதை உணராமல் செய்வதுபோல இருந்தால்தான் உண்மையாக இருக்கும். பாத்திரத்தின் இரட்டை வாழ்க்கையை விளக்க வேறு வசனமே தேவைப்படாது.

நான்கு படிகளையும் கடந்து வந்த காட்சி இது:

தோழி: ஏய், நாளைக்கு டெலிவரி இருக்கு. நண்டு எப்ப அனுப்புவ?
தங்கை: இரு, அண்ணன்கிட்ட கேக்குறேன். — அண்ணே, இன்னைக்கு நண்டு வருமா? ஆர்டரெல்லாம் வந்துருச்சு.
அண்ணன்: எங்கிட்டு வர? காத்து கூடிருச்சு. டோக்கனை நிப்பாட்டிட்டாக.
தங்கை: போட் போகலடி. டோக்கன் ஸ்டாப் ஆயிடுச்சு.
தோழி: டோக்கனா? அப்டின்னா?
தங்கை: கடலுக்குப் போக ஃபிஷரீஸ்ல குடுக்குற பர்மிஷன். காத்து வார்னிங் வந்தா குடுக்க மாட்டாங்க.
தோழி: ஸோ, கஸ்டமர்ஸுக்கு நான் என்ன சொல்றது? அட்வான்ஸ் வாங்கிட்டோம்ல?
தங்கை: ரீஃபண்ட் பண்ணிடு.
தோழி: ஈஸியா சொல்ற. ஃபர்ஸ்ட் ஆர்டரையே கேன்சல் பண்ணா, யார் திரும்ப வாங்குவா?
அண்ணன் போனை வாங்குகிறார்.
அண்ணன்: ஏம்மா, கடல் ஒழுங்கா இருந்தா நாங்க எதுக்கு கரையில உக்காந்துருக்கோம்?
தோழி: ...சாரிண்ணா.
தங்கை: குடுண்ணே, நான் பேசிக்கிறேன். — ரீஃபண்ட் பண்ணு. வேணும்னா என் பேரைச் சொல்லு.

தங்கை அண்ணனிடம் 'வந்துருச்சு' என்கிறாள், தோழியிடம் 'ஸ்டாப் ஆயிடுச்சு' என்கிறாள். அண்ணன் சொன்ன 'நிப்பாட்டிட்டாக' என்ற அதே செய்தியைத்தான் அவள் தோழிக்குக் கடத்துகிறாள். ஆனால் அவர் யாரோ நிறுத்தியதாகச் சொன்னதை, அவள் தானாக நின்றுபோனதாக மாற்றிச் சொல்கிறாள். தோழி 'கேன்சல் பண்ணா' என்று திரும்பவும் பொறுப்பைச் சுமத்துகிறாள். 'போட்டு' என்று அவள் அண்ணனிடம் சொல்லியிருப்பாள். போனில் அது 'போட்' ஆகிறது.

டோக்கன் என்ன என்பது நகரத்துப் பார்வையாளருக்கும் தெரிந்திருக்காது. அதை விளக்க வேண்டிய தேவையைத் தோழியின் அறியாமையே நிறைவேற்றிவிடுகிறது. தெரிந்த இருவர் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் வசனத்தை எழுதாதீர்கள். அதேபோல், ஒரு சொல்லை ஆங்கிலத்திலும் தமிழிலும் அடுத்தடுத்துச் சொல்லி எல்லாருக்கும் புரியவைக்கும் 'சேஃப்டி, பாதுகாப்பு முக்கியம்' வகை வாக்கியமும் வேண்டாம். அது அறிவிப்புப் பலகையின் மொழி.

முழு ஆங்கில வாக்கியம் இந்தக் காட்சியில் ஒன்றுகூட இல்லை. அதற்கு இடம் உண்டு: வாடிக்கையாளருக்குத் தோழி போன் செய்து மன்னிப்புக் கேட்கும் அடுத்த காட்சியில் அவள் முழு ஆங்கிலத்தில் பேசலாம், ஏனென்றால் அங்கே அவள் தன்னை ஒரு நிறுவனமாகக் காட்டிக்கொள்கிறாள். நெருங்கியவரிடம் திடீரென்று முழு ஆங்கில வாக்கியம் வந்தால், அது விலகலைக் குறிக்கும். கோபத்தில் பேச்சைத் துண்டிக்க நினைப்பவர் அப்படிச் செய்வதுண்டு. அந்தப் பொருளில் வேண்டும் என்றால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இங்கே உணர்ச்சி ஏறும் இடத்தில், அண்ணன் போனை வாங்கும்போது, வசனம் முழுவதும் தமிழுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகத் தோழியிடம் இருப்பது 'சாரி' ஒன்றுதான். அந்தச் சொல்லோடு 'அண்ணா' ஒட்டிக்கொள்வதால்தான் அது வெறும் மரியாதைச் சொல்லாக நின்றுவிடாமல் பணிவாக மாறுகிறது.

ஐந்தாம் படி: காதால் சோதித்தல்

தாளில் சரியாக இருப்பது வாயில் சரியாக இருக்காது. காட்சியை நீங்களே உரக்கப் படியுங்கள். பிறகு நடிகர்களைப் படிக்கவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். ஆங்கிலச் சொல்லுக்குச் சற்று முன்னால் நடிகர் நொடிப்பொழுது நின்றால், அந்தச் சொல் தமிழ் வாக்கியத்தோடு சேரவில்லை என்று பொருள். நடிகர் தன்னையறியாமல் ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் அதைத் திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மாற்றியது பெரும்பாலும் சரியாக இருக்கும், குறிப்பாக அவர் அந்த வயதுக்காரராகவோ அந்த ஊர்க்காரராகவோ இருந்தால். ஆனால் சென்னை நடிகர் 'ஆயிருச்சு' என்பதை 'ஆயிடுச்சு' ஆக்கினால் அதை ஏற்கக் கூடாது. அங்கே அவருடைய ஊர் பாத்திரத்தின் ஊரை அழித்துவிடுகிறது.

கேட்பவர்கள் இரண்டு பேர் வேண்டும்: பாத்திரத்தின் ஊரைச் சேர்ந்த ஒருவர், பார்வையாளரின் வயதில் நகரத்தில் வாழும் ஒருவர். இருவரையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள், ஒருவர் சொல்வது மற்றவரைப் பாதிக்கும். பாம்பன்காரரிடம் 'உங்க ஊர்ல இப்படிப் பேசுவாங்களா?' என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்காக ஆம் என்றுதான் பதில் வரும். 'இந்த அண்ணன் இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?' என்று கேளுங்கள். உங்கள் வசனத்தைவிட நல்ல வசனம் அங்கே கிடைக்கும். நகரத்து இளைஞரிடம் கேட்க வேண்டியது வேறு: எந்த இடத்தில் எழுதியவரின் வயது தெரிந்தது என்று கேளுங்கள். 'வைப்', 'க்ரிஞ்ச்' போன்ற புதுச் சொற்களைச் சுட்டிக் காட்டி, இதை இப்போதும் சொல்கிறீர்களா என்றும் கேளுங்கள். இவ்வகைச் சொற்கள் வேகமாக வழக்கொழிகின்றன. எழுதிய நாளுக்கும் வெளியாகும் நாளுக்கும் இடையிலேயே பழசாகிவிடலாம். ஆர்டர், ரீஃபண்ட் போன்ற தொழில் சொற்கள் அப்படி விரைவில் முதுமையடைவதில்லை. இளமையைக் காட்டப் புதுச்சொல் தேவை என்று தோன்றினால், ஒரு காட்சிக்கு ஒன்று, அதுவும் ஒரே பாத்திரத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைக்கு முன்பே, முடிந்தால் உண்மையான பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்வது நல்லது. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் பேருந்திலும், ஏலம் நடக்கும் கரையிலும் கேட்பவை வசனத்துக்கு அடித்தளமாகும். பதிவு செய்வதாக இருந்தால் பேசுபவரின் அனுமதியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதல் சில நிமிடங்கள் அவர் பதிவுக்கருவிக்காகத் திருத்தமாகப் பேசுவார், அதை விட்டுவிடுங்கள். வேலையைப் பற்றியோ விலையைப் பற்றியோ பேச்சு திரும்பியதும் அவருடைய இயல்பான கலப்பு வெளிவரும். எழுதியெடுக்கும்போது இழுத்த சொல், பாதியில் விட்ட வாக்கியம் எதையும் சீர்செய்யாமல் எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் என்ன விகுதி வந்தது என்பதற்குத் தனியாக அடிக்கோடு இடுங்கள்.

கடைசியாக, படப்பிடிப்புப் பிரதியின் எழுத்துமுறை. வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் எழுதுவதா என்பது குழுவின் பழக்கத்தைப் பொறுத்தது. தமிழ் படிக்கத் தெரியாத நடிகர் இருந்தால் வேறு வழியில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் ல, ள, ழ வேறுபாடும் குறில் நெடிலும் போய்விடும், 'போட்டு', 'போட்' போன்ற நுணுக்கங்களும் ஆளுக்கொரு விதமாகப் படிக்கப்படும். அப்படி எழுத நேர்ந்தால், பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும் சொற்களையும் விகுதிகளையும் மட்டும் தமிழ் எழுத்தில் ஓரத்தில் எழுதி வையுங்கள். துணையுரை எழுதுபவருக்கும் அதே ஓரக்குறிப்போடு பிரதியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் 'நிப்பாட்டிட்டாக' என்பதை 'நிறுத்திவிட்டார்கள்' என்று திருத்தி, கேட்பது ஒன்றும் திரையில் தெரிவது ஒன்றுமாக ஆக்கிவிடுவார்.